மூன்றை அடுக்கினால் பேச்சாகிவிடுமா?

மைக் கையில கிடைச்சா நம்மட ஆக்களுக்கு உடனே மூன்று வேணும்: “எங்கள் மொழி, எங்கள் மூச்சு, எங்கள் முகவரி!” கைதட்டல் வரும். ஆனால் மூன்றும் சொல்வது ஒரே விஷயம். இரண்டை வெட்டினாலும் எதுவும் குறையாது. அதனால்தான் நாடக வசனம் மாதிரிக் கேட்கிறது.

1956 இல் தனிச் சிங்களச் சட்ட விவாதத்தில் கொல்வின் ஆர். டி சில்வா சொன்னதைப் பாருங்கள்: இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு. மொழி, நாடு என்ற இரண்டு சாதாரணச் சொற்கள்தான். எண்கள் மட்டும் இடம் மாறுகின்றன. அந்த இடமாற்றம்தான் வாதமே: வலிந்து ஒன்றாக்கப் போனால் பிரிந்துவிடும். 1972 யாப்பை உருவாக்கியபோது அவரே அந்த வாதத்தைக் கைவிட்டார். ஆனாலும் வசனம் இன்றும் நிற்கிறது.

மூன்றடுக்குக்கும் இதே கணக்குத்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு கூட்டத்தில் பேசுறீங்க எண்டு வைப்பம். “கடிதம் சிங்களத்தில் வந்தது. படிவம் சிங்களத்தில் வந்தது. கடைசித் திகதி மட்டும் எல்லாருக்கும் ஒன்று.” முதல் இரண்டும் ஒரு பழக்கத்தை உண்டாக்குது, மூன்றாவது அதை முறிக்குது. அந்த இடத்தில் கத்தினால் கெட்டுப்போகும். வரியே வேலை செய்யுது, நீங்கள் மெதுவாய்ச் சொன்னால் போதும்.

எழுதின பேச்சில் ஒரு அடுக்கை வெட்டிப் பாருங்கள். அர்த்தம் அப்படியே நிண்டால், அது கைதட்டலுக்காக எழுதினது.