அட்டையைக் காட்டினா கேட்டைத் திறக்கணுமா?

போன சனிக்கிழமை திருத்தணிக்குப் போயிருந்தப்போ அம்மா சொன்ன கதை இது. கழுத்துல அட்டை, கையில நோட்டுன்னு ரெண்டு பேர் வந்திருக்காங்க. "ஈ.பி.ல இருந்து வர்றோம்மா, மீட்டர் தப்பா ஓடுதாம், உள்ள வயரிங் பாக்கணும்." அம்மா தனியா இருந்தாங்க. "பையன் வந்தப்புறம் வாங்கப்பா"ன்னதுக்கு, "இப்ப விடலைன்னா சாயங்காலமே லைனை கட் பண்ணிடுவோம்"னு மிரட்டல். அம்மா கேட்டைத் திறக்கலை. சாயங்காலம் கரண்ட்டும் போகலை. (போயிருந்தாலும் வழக்கமான பவர்கட்டுன்னுதான் நினைச்சிருப்போம் :-))

வந்தவங்க யாருன்னு இன்னும் தெரியாது. ஆனா அம்மா என்னைக் கேட்ட கேள்விதான் முக்கியம்: "நிஜமான ஆளா இருந்திருந்தா நான் பண்ணது தப்பாடா?"

தப்பில்லைங்க. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 163-ஐ எடுத்துப் படிச்சேன். மின்வாரியம் அனுப்பின ஆள், நியாயமான நேரத்துல, வந்த காரணத்தைச் சொல்லிட்டு மீட்டரையும் லைனையும் பாக்க உள்ள வரலாம். ஆனா நம்ம சொந்த வயரிங், ஃபிட்டிங் எல்லாம் சோதிக்கணும்னா நிர்வாக நடுவரோட சிறப்பு உத்தரவு வேணும், 24 மணி நேரத்துக்கு முன்னாடி எழுத்துல நோட்டீசும் தரணும். உள்ள விட மாட்டேன்னு மறுத்தாலும், எழுத்துல நோட்டீஸ் குடுத்து 24 மணி நேரம் போனப்புறம்தான் இணைப்பை நிறுத்த முடியும். அப்போ "சாயங்காலமே கட்" அப்படிங்கற பேச்சே பொய். மின்திருட்டுச் சோதனைன்னு சொல்லிட்டு வந்தாக்கூட, சூரியன் மறைஞ்சு மறுநாள் விடியற வரைக்கும், அந்த வீட்டுல வசிக்கிற வயது வந்த ஆண் ஒருத்தர் இல்லாம வீட்டைச் சோதிக்கக் கூடாதுன்னு பிரிவு 135 சொல்லுது. (ஆண் மட்டும்தானான்னு கேக்காதீங்க, சட்டத்துல அப்படித்தான் இருக்கு.)

ரீடிங் எடுக்க வர்றவர் கதை இன்னும் சுலபம். எங்க வீட்டு மீட்டர் கேட்டுக்கு உள்பக்கம், போர்ட்டிகோ சுவத்துல இருக்கு. அவருக்கு வீட்டுக்குள்ள வேலையே கிடையாது. நம்ம ஊர்ல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங். போன பில்லுல இருக்கற தேதியைப் பாத்தா அடுத்தது எப்பன்னு தோராயமா தெரிஞ்சிடும். பத்து, பதினஞ்சு கிலோமீட்டர் தாண்டி நகரியில இருக்கற எங்க சித்தி வீட்டுக்கு மாசாமாசம் வருவாங்க. அதனால அந்தப் பக்கத்துச் சொந்தக்காரங்க இங்க வந்து தங்கியிருந்தா, போன மாசம்தான் எடுத்தாங்கன்னு அவங்களுக்குத் தெரியாம போக வாய்ப்பிருக்கு. அதே மாதிரி, வந்தவர் தெலுங்கு பேசறாரேன்னு சந்தேகப்படறதுலயும் அர்த்தமில்லை. 1960 வரைக்கும் சித்தூர் மாவட்டத்துல இருந்த ஊருங்க இது, இங்க பாதிப் பேர் வீட்ல தெலுங்குதான்.

இப்போ அடையாளம். "உங்க சர்வீஸ் நம்பர் கரெக்டா சொன்னாரே"ன்னு நம்பாதீங்க. நிறைய வீட்ல அது மீட்டர் பக்கத்துலயே பெயின்ட்ல எழுதியிருக்கும். அட்டையை எந்த ஜெராக்ஸ் கடையிலயும் லேமினேட் பண்ணலாம். அதுல இருக்கற நம்பருக்கே போன் போட்டு விசாரிக்கறது, போலி மெயில்ல வந்த லிங்கை அழுத்தி அது உண்மையான்னு பாக்கற மாதிரி. கேட்டை மூடியே வச்சுட்டு பேரு, பதவி, எந்தப் பிரிவு அலுவலகம்னு கேளுங்க. அப்புறம் உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கற நம்பருக்குப் பேசுங்க. மின்னகம் 94987 94987 இருக்கு, ஆனா அது மாநிலம் முழுக்கப் புகார் வாங்கற இடம். உங்க தெருவுக்கு இன்னிக்கு யார் வந்திருக்காங்கன்னு பிரிவு அலுவலகம்தான் சட்டுனு சொல்லும். அந்த நம்பரை இப்பவே வாங்கி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிடுங்க. யாரும் போனை எடுக்கலையா? "நாளைக்கு வாங்க", அவ்ளோதான். அதுக்குத்தான் சட்டமே 24 மணி நேரம் தருது.

கேஸ் ஆள்தான் சிக்கல், ஏன்னா அவருக்கு அடுப்படி வரைக்கும் வந்தே ஆகணும். அத்தை வீட்ல "இன்ஸ்பெக்‌ஷன்"னு வந்தவர் நல்லா இருந்த டியூபைக் கழட்டிட்டு, ஒரு புது டியூபைத் தலையில கட்டிட்டுப் போயிட்டார். சிலிண்டர் ரசீதுல இருக்கற ஏஜென்சி நம்பருக்கு ஒரு போன் பண்ணியிருந்தா வாசல்லயே முடிஞ்சிருக்கும். நிஜமாவே கேஸ் கசிஞ்சா யாரும் வர்ற வரைக்கும் காத்திருக்காம ரெகுலேட்டரை மூடிட்டு 1906-க்குப் பேசணும்.

எனக்கு இதுல ஒரு கடுப்பு உண்டு. சிலிண்டர் டெலிவரிக்கு நம்ம போனுக்கு ஒரு கோடு வருது, அதை நாம டெலிவரி பையன்கிட்ட சொல்றோம். அதாவது நாம யாருங்கறதை நாமளே நிரூபிக்கறோம். அவர் யாருன்னு நிரூபிக்க ஒண்ணுமே இல்லை! பிரிட்டன்ல கரண்ட், கேஸ், தண்ணி கம்பெனிகள்ல வயசானவங்க முன்கூட்டியே ஒரு ரகசியச் சொல்லைப் பதிவு பண்ணி வைக்கலாம். வர்ற ஆள் வாசல்ல நின்னு அதைச் சொல்லணும். ரீடிங் எடுத்ததும் எவ்ளோ கட்டணும்னு எஸ்.எம்.எஸ். அனுப்பற வாரியத்துக்கு, வர்றதுக்கு முன்னாடி ஒரு நாலு இலக்க எண்ணை வீட்டுக்காரருக்கும் ஊழியருக்கும் அனுப்பறது பெரிய வேலையா? எங்க டீம்ல ரெண்டு வாரத்துல முடிச்சிடுவோம்.

அது வர்ற வரைக்கும் அம்மா அவங்க வழியிலதான். நேத்து நிஜமாவே ரீடிங் எடுக்க வந்தவரை, பிரிவு அலுவலகத்துக்குப் போன் பண்ணி முடிக்கற வரைக்கும் வெளியவே நிக்க வச்சிருக்காங்க. அவர் சிரிச்சுட்டே நின்னாராம். அப்புறம் மோர் குடுத்து அனுப்பினாங்களாம்.