ஒற்றைச் சொல்லோடு வராதீர்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இத்தாலிக்குக் கடதாசி தயாரிக்கும் வீடுகளில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ஆங்கிலச் சொல்லொன்றைச் சொன்ன மாத்திரத்தில் அதற்குரிய இத்தாலியச் சொல்லைச் சொல்பவர்தான் மொழி தெரிந்தவராம். "இது எந்தப் பத்திரத்தில், எந்த வரியில் வருகிறது?" என்று திருப்பிக் கேட்பவர் அரைகுறையாம், அல்லது காசு கூட்டிக் கேட்க வழி தேடுபவராம். "ஒரு சொல்லுத்தானே, சொல்லிவிடுங்கோவன்" என்று சலித்துக்கொள்கிறார்கள். இந்த நம்பிக்கையைப் போல எங்கள் விண்ணப்பங்களுக்குக் கேடு செய்வது வேறில்லை. திருப்பிக் கேட்பவரே வேலை தெரிந்தவர். கேட்காமல் பதில் சொல்பவர் குருட்டாம்போக்கில் கல்லெறிகிறார்.

கொழும்பில் அடிக்கடி கையில் வரும் ஒரு பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். மகன் பலெர்மோவில் இருக்கிறார். 1980களில் போர் துரத்த ஆரம்பித்த காலத்திலிருந்து அந்த நகரில் எங்கள் ஆட்கள் குடியேறி, வீட்டு வேலையும் சமையலறை வேலையும் பார்த்துக் காலூன்றியிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் தனித்திருக்கும் தாயைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள மகன் விரும்புகிறார். குடும்ப ஒன்றிணைவுக்கான விதிகள் இத்தாலியின் 1998ஆம் ஆண்டு 286ஆம் இலக்கச் சட்டவாணையின் 29ஆம் பிரிவில் இருக்கின்றன. பெற்றோரை அழைக்கலாம், ஆனால் அவர்கள் பிள்ளையின் பராமரிப்பில் வாழ்பவர்களாக இருக்க வேண்டும், சொந்த நாட்டில் வேறு பிள்ளைகள் இருக்கக் கூடாது. 65 வயதைக் கடந்தவர் என்றால், இங்கிருக்கும் மற்றப் பிள்ளைகள் பாரதூரமான நோயினால் அவரைப் பார்க்க இயலாதவர்கள் என்று பத்திரத்தோடு காட்ட வேண்டும். ஆக, அந்தத் தாய் யார் பராமரிப்பில் வாழ்கிறார் என்பதே விண்ணப்பத்தின் உயிர்.

காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் சத்தியக்கடதாசி ஆங்கிலத்தில் தட்டச்சாகிறது. சமாதான நீதவான் கையெழுத்து வைக்கிறார். அதில் தாய் மகனின் 'டிபெண்டன்ட்' என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் பிழையில்லை. அடுத்ததாக இத்தாலியம். முழுப் பக்கத்தையும் யாருக்கும் காட்டாமல், அந்த ஒரு சொல்லை மட்டும் வாட்ஸப்பில் பலெர்மோவுக்கு அனுப்புகிறார்கள்: "மச்சான், டிபெண்டன்ட் எண்டதுக்கு இத்தாலியன்ல என்ன?" பதில் ஒரு நிமிடத்தில் வருகிறது: 'திபெந்தெந்தே'.

பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவர் மாதாமாதம் பார்க்கிறார். அவருடைய சம்பளத் துண்டிலும் வேலை ஒப்பந்தத்திலும் அவரே 'லாவோராதோரே திபெந்தெந்தே'. அதாவது இன்னொருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர். ஓசையும் ஆங்கிலச் சொல்லோடு ஒத்துப்போகிறது. ஆனால் அதைத் தாயின் பத்திரத்தில் வைத்தால், இத்தாலிய அலுவலர் படிப்பது "இந்தப் பெண் அந்த மகனிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்" என்று. மகனை நம்பி வாழ்பவர் என்று காட்டவேண்டிய கடதாசி, அவருக்குச் சொந்த வருமானம் இருப்பதாகச் சாட்சி சொல்கிறது.

இங்கே வர வேண்டியது 'ஆ காரிகோ' என்ற தொடர். சட்டத்தின் வாசகமும் அதுவே. சரி, அகராதியைப் புரட்டினால் கிடைக்காதா என்று கேட்பீர்கள். புரட்டிப் பாருங்கள்: 'காரிகோ' என்பதற்கு முதலில் வரும் பொருள் சுமை, லொறியில் ஏற்றும் பாரம். "பெத்த தாயைப் பாரம் எண்டு எழுதுறதோ?" என்று எந்த மகனுக்கும் மனம் கூசும். கூசி, மரியாதையாகத் தெரிகிற திபெந்தெந்தேயிடமே திரும்பி வருவார். 'ஒருவரின் செலவில், பொறுப்பில்' என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு உண்டு என்பதும், வரிப் பத்திரத்திலும் குடிவரவுப் பத்திரத்திலும் அதுவே வழக்கமான வார்த்தை என்பதும், அந்தப் பத்திரங்களை வாசித்துப் பழகியவருக்குத்தான் தெரியும். அவர்கூட, கேட்பது பராமரிப்பைப் பற்றியா, போதைப் பழக்கத்தைப் பற்றியா என்று அறிந்தால்தான் சொல்ல முடியும். ஆங்கிலச் சொல் இவ்விரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

இனிக் கொட்டாஞ்சேனைக்கு வருவோம். கணவரை இழந்த பெண் ஒருவருக்கு இத்தாலியில் மறுமணம் பேசியிருக்கிறார்கள். தமிழில் அவரைப் பற்றி எழுதிய கடிதம் "கணவர் இறந்தபின் மறுமணம் செய்யாதவர்" என்று தெளிவாகச் சொல்கிறது. ஆங்கிலத்தில் அது சுருங்கி 'சிங்கிள்' ஆகிறது. அந்த ஒற்றைச் சொல்லுக்கு இத்தாலியம் கேட்டால் கிடைப்பது ஆணுக்குச் 'செலிபே', பெண்ணுக்கு 'நூபிலே'. இரண்டுமே ஒருபோதும் மணமுடிக்காதவர் என்ற பொருளை உடையவை. விதவைக்கு உரிய சொல் 'வேதோவா'.

இது வெறும் சொல்லழகுப் பிரச்சினையாக இருந்தால் விட்டுவிடலாம். இத்தாலியக் குடியியல் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி, முந்திய மணம் முடிவுற்று 300 நாட்கள் ஆகும்வரை பெண் மறுமணம் செய்ய முடியாது. நீதிமன்ற அனுமதியோடு விலக்குப் பெறலாம். இத்தாலியில் மணமுடிக்கும் வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும் என்று 116ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அந்தப் பெண்ணுக்கு முன்பு மணமாகியிருந்ததா, அது எப்போது முடிந்தது என்பது அலுவலர் கட்டாயம் பார்க்கும் விஷயம். ஒரு கடதாசியில் நூபிலே என்றும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோர் மணமானவர்கள் என்றும் இருந்தால், அவர் பொய்ச் சாட்சியம் பிடிபட்டதாகவே எண்ணுவார். உண்மையை மறைக்க எந்த எண்ணமும் இல்லாதவர் மீது அந்தச் சந்தேகம் விழுகிறது.

இந்த இடத்தில் வழக்கமான வாதம் ஒன்று வரும்: "சூழல் இல்லாமல் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார், பாவம்." இதையும் நான் ஏற்கவில்லை. மேலே சொன்ன இரண்டிலும் சூழல் எங்கும் தொலைந்துபோகவில்லை. தமிழில் அது முழுசாக இருந்தது. 'மகனின் பராமரிப்பில் வாழ்பவர்' என்று தமிழில் சொன்னால் வேலையாள் என்று யாரும் மயங்க மாட்டார்கள். நாங்கள்தான் அதை ஆங்கிலத்துக்குள் போட்டுச் சுருக்கினோம். சுருங்கியதிலிருந்து ஒரு சொல்லைப் பிய்த்தெடுத்துத் தொலைபேசியில் அனுப்பினோம். பிறகு சூழல் இல்லை என்று கைவிரிக்கிறோம். ஆங்கிலம் எல்லாவற்றையும் சேதமில்லாமல் கடத்தித் தரும் என்ற நினைப்பு, கொழும்பின் மத்தியதர வர்க்கத்துக்குக் காலனிக் காலம் விட்டுப்போன பழக்கம்.

உறவுமுறைகளில் இந்தச் சேதம் இன்னும் பச்சையாகத் தெரியும். ஓர் ஆணுக்கு அண்ணன் தம்பியின் மகன் பெறாமகன், அக்கா தங்கையின் மகன் மருமகன். ஆங்கிலத்தில் இருவரும் 'நெஃப்யூ' ஆகிவிடுகிறார்கள். இத்தாலியத்தில் அது 'நிபோத்தே'. ஆனால் நிபோத்தே என்றால் பேரனும்தான். மூன்று தனித்தனி உறவுகள் ஒரே சொல்லுக்குள் போய் விழுந்துவிடுகின்றன. தமிழ் மூலத்தைப் பார்த்து எழுதுபவர் 'சகோதரியின் மகன்' என்று இத்தாலியத்திலேயே விரித்து எழுதிவிடுவார். மயக்கம் அத்தோடு தீர்ந்தது. ஆங்கிலத்தை மட்டும் பார்ப்பவருக்கு அப்படி விரிக்க வழியே இல்லை.

உண்மையாகவே சூழல் கிடைக்காத சந்தர்ப்பங்களும் உண்டு. போரில் மூலப் பத்திரம் அழிந்திருக்கலாம், எழுதியவர் இறந்திருக்கலாம், கையில் மிஞ்சியது ஆங்கிலப் பிரதி மட்டுமாக இருக்கலாம். அப்போதும் ஊகத்துக்கு இடமில்லை. எல்லாப் பொருளுக்கும் பொய்யாகாத விரிந்த சொல்லைத் தேட வேண்டும். 'சிங்கிள்' என்பதற்கு 'ஸ்தாத்தோ லீபெரோ' அப்படிப்பட்டது: மணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர் மூவருக்கும் அது உண்மை. இப்போது மணப்பந்தத்தில் இல்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. படிவம் குறிப்பாக எந்த நிலை என்று கேட்டால் இதுவும் போதாது. அங்கே ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டு, மூலத்தில் இவ்வாறே உள்ளது என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எழுதுவதே நேர்மை. கெட்டித்தனமாகத் தெரியாது. ஆனால் நடக்காத ஒன்றுக்குச் சாட்சி சொன்ன பழி வராது.

"ஒரு எழுத்துப் பிசகுக்கு இவ்வளவா? அலுவலருக்கு விளங்கும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிறப்புப் பதிவில் தகவல் கொடுத்தவரை எங்கள் ஆங்கிலப் பத்திரம் 'இன்ஃபோர்மன்ட்' என்கிறது. அதை ஒருவர் 'இன்ஃபொர்மாதோரே' என்று எழுதினால், பொலிஸுக்குத் துப்புக் கொடுப்பவர் என்ற வாடை வரும். பதிவேட்டு வழக்கு 'திக்கியாராந்தே'. இந்தப் பிழையை அலுவலர் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவார், ஏனென்றால் பத்திரத்தின் மற்ற வரிகளே அவருக்குச் சரியான பொருளைக் காட்டிக்கொடுக்கின்றன. திபெந்தெந்தேயும் நூபிலேயும் அப்படிப்பட்டவை அல்ல. வாக்கியத்தில் பிசிறில்லாமல் பொருந்தி, நம்பத்தக்க வேறொரு செய்தியைச் சொல்லிவிடுகின்றன. கேலிக்கிடமான பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஒழுங்காகத் தோன்றும் பிழைதான் கோப்பைக் கவிழ்க்கும்.

அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. இத்தாலியப் பிரதியை, மூலத்தைப் பார்த்திராத இன்னொருவரிடம் கொடுத்து, தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். "இவ தன்ர மகனிட்ட வேலை செய்யிறாவாம்" என்று அவர் சொன்னால், எங்கே பிழைத்தது என்று அடுத்த கணமே விளங்கும். இதற்குக் கால்மணி நேரம் போதும்.

ஆகவே இத்தாலிக்குக் கடதாசி அனுப்பும் எல்லோரிடமும் கேட்பது இதுதான். தமிழ் மூலத்தின் முழுப் பக்கத்தையும் கொடுங்கள். எந்த அலுவலகம், என்ன தேவைக்குக் கேட்கிறது என்று சொல்லுங்கள். ஆளின் பெயரோடு ஆணா பெண்ணா, முன்பு மணமானவரா என்பதையும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் இவற்றைக் கேட்டால் கோபப்படாதீர்கள். எதையும் கேட்காமல் ஒரு நிமிடத்தில் பதில் தருபவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும், உங்கள் பத்திரத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள்.