நின்னு நின்னு வரும் மூச்சு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் நண்பர் ஒருவர், மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு லடாக் போய் வந்தார். சென்னையில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, மறுநாள் காலை லே. அன்று ராத்திரி இவருக்குத் தூக்கம் வரவில்லை. மண்டைக்குள் யாரோ ஆணி அடிக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தால், அவர் வேகவேகமாக நாலைந்து மூச்சு விடுகிறார். அப்புறம் சத்தமே இல்லை. பத்து செகண்டு. 'போச்சுடா, ஆள் காலி!' என்று இவர் எழுந்தபோது, அவர் தூக்கிவாரிப் போட்டாற்போல ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி ஆரம்பித்தார். விடிய விடிய இதே கூத்து.

பயப்பட வேண்டாம் சார். இதற்கு 'விட்டுவிட்டு வரும் மூச்சு' என்று வைத்துக்கொள்ளலாம். ஆல்ப்ஸ் மலையில் தூங்குபவர்களிடம் இத்தாலிய விஞ்ஞானி ஆஞ்சலோ மொஸ்ஸோ 1890-களிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

கும்மிடிப்பூண்டி கிட்டத்தட்டக் கடல் மட்டம். லே சுமார் 3,500 மீட்டர். அங்கேயும் காற்றில் 21 சதவிகிதம் ஆக்ஸிஜன்தான். ஆனால் காற்றழுத்தம் நம்மூரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் சரக்கு குறைவு. உடம்பு உடனே வேகமாக மூச்சு வாங்குகிறது. வாங்கினால் ரத்தத்திலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. இங்கேதான் வம்பு. தூங்கும்போது, 'மூச்சு விடு' என்று மூளைக்குத் தார்க்குச்சி போடுவது முக்கியமாக அந்த கார்பன் டை ஆக்ஸைடுதான். அது குறைந்ததும் மூளை சும்மா இருந்துவிடுகிறது. மூச்சு நிற்கிறது. பத்து செகண்டில் ஆக்ஸிஜன் இறங்கி, கார்பன் டை ஆக்ஸைடு ஏறி, மூளை அலறிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கிறது. அந்த அலறலில் பாதித் தூக்கம் கலைகிறது.

இது மட்டும் இருந்தால் தொந்தரவே தவிர ஆபத்தில்லை. கொஞ்ச நாள் தங்கிப் பழகியவர்களுக்கும் இருக்கலாம். ஆனால் தலைவலியோடு குமட்டல், அசதி, தலைசுற்றல் சேர்ந்தால் அது மலை நோய். 1962 சீனப் போர்க் காலத்தில் சமவெளியிலிருந்து அவசரமாக மலைக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்கள் பலர் இதில் படுத்தார்கள். இந்தர் சிங் என்ற ராணுவ டாக்டரும் சகாக்களும் 1,925 பேரை ஆராய்ந்து 1969-ல் எழுதிய கட்டுரை உலகப் பிரசித்தம்.

ராணுவம் பாடம் கற்றுக்கொண்டது. லே மாதிரி உயரத்துக்கு வரும் ஜவானுக்கு ஆறு நாள் பழக்கம். முதல் இரண்டு நாள் ஓய்வு. அடுத்த இரண்டு நாள் சமதரையில் மெதுநடை. கடைசி இரண்டு நாள் இன்னும் கொஞ்சம் தூரம், சிறு ஏற்றம். இன்னும் மேலே போக மறுபடி நாலு நாள். தண்டால் எடுக்கிற ஜவானுக்கே இந்தக் கதி. ஜிம்முக்குப் போகிறவன் என்ற தெம்பு இங்கே செல்லாது.

நண்பர் கோஷ்டி என்ன செய்தது? இரண்டாம் நாளே பாங்காங் ஏரி. அது 4,200 மீட்டருக்கு மேல். அங்கே கூடாரத்தில் இரவு. ராத்திரி ஒருவருக்கு வாந்தி. விடிந்ததும் லேவுக்குத் திரும்பினார்கள், சரியானது. கணக்கு எளிது: 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். பகலில் கார்துங் லா கணவாயில் ஏறி போட்டோ எடுத்து இறங்கலாம். எங்கே தலை சாய்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். லேயில் இரண்டு, மூன்று இரவு. பிறகு நூப்ரா, டிஸ்கிட் லேயைவிடத் தாழ்வு. பாங்காங்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

டயமாக்ஸ் என்று சொல்லும் அசிட்டசோலமைடு, சிறுநீரக வழியாக ரத்தத்தைச் சற்று அமிலமாக்கி மூச்சைத் தூண்டுகிறது. அதனால் அந்த ராத்திரி இடைவெளியும் குறைகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் இருவேளை, கிளம்பும் முந்தின நாளிலிருந்து. விரல் நுனி மரமரக்கும், சோடா சப்பென்றிருக்கும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தூக்கம் வரவில்லையே என்று தூக்க மாத்திரையோ குவார்ட்டரோ போடாதீர்கள். ஏற்கெனவே தயங்கும் மூச்சை இரண்டும் இன்னும் மந்தமாக்கும்.

இரண்டு அறிகுறிகள் மட்டும் விளையாட்டில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இருமல். அது நுரையீரலில் நீர் கோப்பது. குடிக்காமலேயே தள்ளாட்டம், குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் பத்தடி நடக்க முடியாமை. அது மூளை வீக்கம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆக்ஸிஜன் கிடைத்தால் கொடுத்துக்கொண்டே, அந்த ராத்திரியே கீழே இறக்குங்கள். ஆயிரம் மீட்டர் இறங்கினாலே பாதி வைத்தியம்.