காத்திருப்போர் பட்டியல் சொல்லாமல் விடுவது

ரயில் நிலைய முன்பதிவு மையத்திலும், இல்லத்தில் கைப்பேசியின் முன்னிலும் ஒரே கேள்வி அன்றாடம் எழுகிறது: "காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது எண், உறுதியாகிவிடுமா?" கேட்பவர் ஓர் எண்ணை மட்டுமே சொல்கிறார். ஆனால், அந்த எண்ணை மட்டும் கொண்டு எவராலும் விடையளிக்க இயலாது. எண்ணுக்கு முன்னால் உள்ள ஆங்கில எழுத்துகளே விடையின் பெரும்பகுதியைத் தம்முள் வைத்திருக்கின்றன.

பயணச்சீட்டில் "GNWL 46/WL 19" என்று இருப்பதாகக் கொள்வோம். பதிவு செய்த நேரத்தில் வழங்கப்பட்ட வரிசை எண் 46, அது மாறுவதில்லை. சாய்கோட்டுக்குப் பின் உள்ள 19 என்பதே இன்றைய நிலை. முன்னால் இருப்பவர்கள் பயணத்தை ரத்து செய்யச் செய்ய இந்த இரண்டாவது எண் குறையும். முதல் எண்ணைப் பார்த்துக் கலங்குவோரும், இரண்டாவது எண்ணை மட்டும் பார்த்து நம்பிக்கை கொள்வோரும் நம்மிடையே உண்டு. இருவருமே பாதிச் செய்தியைத்தான் படிக்கிறார்கள்.

ஒரு ரயிலில் உள்ள படுக்கைகள் அனைத்தும் ஒரே தொகுப்பாக விற்கப்படுவதில்லை. புறப்படும் நிலையத்திலிருந்தோ அதற்கு அருகிலுள்ள நிலையங்களிலிருந்தோ நெடுந்தொலைவு செல்வோருக்கான பொது ஒதுக்கீடு பெரியது. அதன் காத்திருப்போர் பட்டியலே GNWL. வழியில் உள்ள முக்கிய நிலையங்களுக்கெனத் தனியாக ஒரு சிறிய ஒதுக்கீடு உண்டு. அதன் பட்டியல் RLWL. வழியிலுள்ள பல சிறிய நிலையங்கள் ஒன்றாகப் பகிர்ந்துகொள்ளும் ஒதுக்கீட்டின் பட்டியல் PQWL. ஓர் ஒதுக்கீட்டில் ஒருவர் ரத்து செய்தால், அதே ஒதுக்கீட்டின் வரிசைதான் நகரும்; பக்கத்து வரிசை நகராது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு ரயிலின் தூங்கும் வசதி வகுப்பில் பொது ஒதுக்கீட்டுக்கு 400 இடங்களும், வழியில் உள்ள ஒரு நகரத்துக்கு 24 இடங்களும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் பத்தில் ஒருவர் ரத்து செய்கிறார். பொது ஒதுக்கீட்டில் 40 இடங்கள் காலியாகும். சிறிய ஒதுக்கீட்டில் இரண்டு அல்லது மூன்று மட்டுமே காலியாகும். ஆகவே, பொதுப் பட்டியலில் 19-ஆம் எண் வைத்திருப்பவர் பயணத்துக்குத் தயாராகலாம். சிறிய பட்டியலில் ஏழாம் எண் வைத்திருப்பவர் மாற்று ஏற்பாட்டைத் தேடுவதே நல்லது. சிறிய எண் நல்ல எண் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப் போகிறது.

ஆனால், 19-ஆம் எண்காரருக்கும் முழுப் படுக்கை கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. காத்திருப்புக்கும் உறுதிக்கும் இடையே ஆர்ஏசி என்ற படி ஒன்று உள்ளது. எவரேனும் ரத்து செய்தால் படுக்கை, அதுவரை இருக்கை என்பதே இதன் கருத்து. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றை இருவர் இருக்கையாகப் பகிர்ந்துகொள்வர். நமது கணக்கில் பொது ஒதுக்கீட்டுக்கு 60 ஆர்ஏசி இடங்கள் இருப்பின், 19 பேர் ரத்து செய்ததும் நமது பயணி ஆர்ஏசி 60 ஆவார். 40 பேர் ரத்து செய்த பின் ஆர்ஏசி 39-இல் நிற்பார். அவர் ரயிலில் ஏறுவது உறுதி, படுப்பது உறுதியில்லை. ஏறிய பின்னரும், வராத பயணிகளின் படுக்கைகளைப் பயணச்சீட்டுப் பரிசோதகர் முதலில் ஆர்ஏசி பயணிகளுக்கே வழங்க வேண்டும் என்பது அவருக்குள்ள உரிமை. எனினும், இரவு முழுவதும் அமர்ந்தே சென்றாலும் அவர் செலுத்துவது முழுக் கட்டணம்தான்.

மூன்றாவதாக, சார்ட் எனப்படும் முன்பதிவு அட்டவணை. நிலையைப் பார்க்கும்போது திரையில் "CHART NOT PREPARED" என்று இருக்கும்வரை எதுவும் இறுதியல்ல. அட்டவணை தயாராகும்போது ரத்தான இடங்கள் மட்டும் கணக்கில் வருவதில்லை. அவசர ஒதுக்கீடு உள்ளிட்ட பல ஒதுக்கீடுகளில் பயன்படாத இடங்களும் அப்போது விடுவிக்கப்படுகின்றன. நாள்கணக்கில் அசையாதிருந்த எண் கடைசி நேரத்தில் திடீரெனத் தாவுவது இதனால்தான். தட்கல் காத்திருப்புப் பட்டியலான TQWL-ஐ விடப் பொதுப் பட்டியலுக்கே அப்போது முன்னுரிமை. இணையவழிச் சீட்டில் உள்ள அனைவரும் அதன் பின்னும் காத்திருப்பிலேயே இருந்தால், சீட்டு தானாக ரத்தாகும். எழுத்தர் கட்டணம் போக மீதித் தொகை கணக்குக்குத் திரும்பும். அந்தச் சீட்டைக் காட்டி ரயிலில் ஏறுபவர் சீட்டில்லாப் பயணியாகவே கருதப்படுவார்.

நீண்ட காலம் முதல் அட்டவணை, புறப்பாட்டுக்கு நான்கு மணி நேரம் முன்னதாகவே தயாரானது. 2025-இல் இது முதலில் எட்டு மணி நேரமாகவும், ஆண்டின் இறுதியில், பிற்பகலுக்கும் இரவுக்கும் உரிய ரயில்களுக்குப் பத்து மணி நேரமாகவும் முன்னே நகர்த்தப்பட்டது. காலை ரயில்களுக்கு முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கே தயாராகிவிடும். இது நல்ல மாற்றம். வெளியூரிலிருந்து ரயில் நிலையத்துக்கு வர வேண்டியவருக்கு, பேருந்தில் இடம் தேடுவதற்கான அவகாசம் இதனால் கிடைக்கிறது.

ஆயினும், ஒரு முடிச்சு அவிழவில்லை. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி ரயிலுக்கு அட்டவணை அன்று காலை பத்து மணியளவில் தெரியவரும். அதே ரயிலின் தட்கல் பதிவோ வியாழக்கிழமை காலையிலேயே தொடங்கிவிடும்: குளிர்சாதன வகுப்புகளுக்குப் பத்து மணி, மற்றவற்றுக்குப் பதினொரு மணி. அதாவது, தமது பழைய சீட்டின் விதி தெரிவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே, கூடுதல் கட்டணத்தில் தட்கல் வாங்குவதா வேண்டாமா என்று பயணி முடிவு செய்தாக வேண்டும். வாங்கிய தட்கல் உறுதியாகி, பிறகு பழைய சீட்டும் உறுதியானால் இரண்டில் ஒன்றை அவர் இழக்க வேண்டும். உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்புவதில்லை. பழையதை அந்த நேரத்தில் ரத்து செய்தாலும் கணிசமான பிடித்தம் உண்டு.

பொருளியலில் இதைத் தகவல் ஏற்றத்தாழ்வு என்போம். எந்த ஒதுக்கீட்டில் எத்தனை இடங்கள், சென்ற மாதங்களில் அதே கிழமையில் எந்த எண் வரை உறுதியானது என்ற விவரங்கள் ரயில்வேயின் கணினியில் உள்ளன. பயணியிடம் இருப்பதோ ஓர் எண் மட்டுமே. இருக்கை காலியாகப் போகும் அபாயத்தைக் காத்திருப்போர் பட்டியலைக் கொண்டு ரயில்வே நீக்கிக்கொள்கிறது. பயணம் கைகூடாமற் போகும் அபாயம் முழுவதும் பயணியின் தோளில் விழுகிறது.

புதிய ரயில்கள் வரும்வரை இடப் பற்றாக்குறை தீராது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால், இருக்கும் தகவலைப் பகிர்வதற்குப் புதிய பெட்டி எதுவும் தேவையில்லை. அந்த ஒதுக்கீட்டின் மொத்த இடங்களையும், அண்மைக்கால உறுதிப்பாட்டு அளவையும் பணம் வாங்கும் முன்பே திரையில் காட்டலாம். படுக்கை கிடைக்காத ஆர்ஏசி பயணிக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரலாம். அதுவரை பயணிகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு: எண்ணைப் பார்ப்பதற்கு முன் எழுத்துகளைப் பாருங்கள். RLWL, PQWL என்றிருந்தால், வியாழக்கிழமை காலையிலேயே மாற்று வழியை முடிவு செய்துவிடுங்கள்.