திரையில் தெரியாத செலவு

தருமபுரி மாவட்டத்துக் குடும்பங்களில் அன்றைய டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிட்டால், பிள்ளை வீடியோ பார்த்துத் தீர்த்துவிட்டது என்ற தீர்ப்பு விசாரணையின்றி வழங்கப்படுகிறது. திரையில் ஓடுவதுதான் டேட்டாவைத் தின்னும், திரை அணைந்திருந்தால் எதுவும் செலவாகாது என்ற நம்பிக்கையே இத்தீர்ப்புக்கு அடிப்படை. அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான இணையவழி வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் டேட்டா அட்டைகளை அறிவித்தது. அரூரிலோ பென்னாகரத்திலோ உள்ள மாணவர் ஒருவர் அத்தகைய அட்டையைக் கைப்பேசியில் போட்டு, ஹாட்ஸ்பாட் வழியாக, அதாவது கைப்பேசியையே சிறு வைஃபை நிலையமாக்கி, வீட்டிலிருக்கும் மடிக்கணினியில் வகுப்பைக் கவனிப்பதாக வைத்துக்கொண்டால் கணக்கு விளங்கும். நடுத்தரத் தெளிவுள்ள வீடியோ நொடிக்குச் சுமார் 1 மெகாபிட் வேகத்தில் வருவதால் மணிக்கு ஏறக்குறைய 450 எம்பி ஆகும். இரண்டு மணி நேர வகுப்புக்கு 900 எம்பி போக, பாதிக்கு மேல் மிஞ்ச வேண்டும். மிஞ்சாத நாளில் அதைக் கொண்டுபோனது எது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸுக்கான மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலையில் வெளியிடுகிறது. இந்தியாவில் அப்போது இரவாகிவிடுவதால், மறுநாள் புதன்கிழமை காலை வகுப்புக்காகத் திறக்கப்படும் மடிக்கணினி, எவரும் கேட்காமலே அதைப் பின்னணியில் இறக்கத் தொடங்குகிறது. மாதத் திருத்தம் பல நூறு எம்பி இருக்கும். புதிய பதிப்பே வந்துவிட்டாலோ சில ஜிபி. மடிக்கணினிக்கு ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபைதான். அதன் பின்னால் நாளுக்கு 2 ஜிபி மட்டுமே உள்ள அட்டை இருப்பதை எவரேனும் சொன்னாலன்றி அது அறியாது. ஆகவே, ‘வைஃபையில்தானே அப்டேட் ஆகிறது’ என்று நிம்மதியாயிருப்பவர் திருடன் கையில் சாவியைக் கொடுத்தவராகிறார்.

இரண்டாவது குற்றவாளி எதிர்த்திசையில் இயங்குவது. ஏற்றப்படும் டேட்டாவும் அன்றாட அளவில் கழிக்கப்படும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒகேனக்கல் அருவியை 4கே தெளிவில் எடுத்தால், பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நிமிடத்துக்குச் சுமார் 350 எம்பி ஆகும். அசல் தரத்தில் பேக்கப் செய்யவும், மொபைல் டேட்டாவை வரம்பின்றிப் பயன்படுத்தவும் கூகுள் ஃபோட்டோஸுக்கு அனுமதி இருந்தால், ஆறு நிமிடப் படமே ஒரு நாள் ஒதுக்கீட்டை விழுங்கிவிடும். அப்போது கைப்பேசி சட்டைப் பையில் அணைந்த திரையோடு கிடக்கும். பழி மட்டும் யூடியூப் பார்த்தவர்மேல் விழும்.

தீர்ப்புக்கு முன் சாட்சியைக் கேட்பது கடினமன்று. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் சிம் பகுதியில் App data usage என்ற பட்டியல் உண்டு. ஒரு செயலியைத் தொட்டால், அது திரையில் இருந்தபோது செலவிட்டது Foreground என்றும், மறைந்திருந்து செலவிட்டது Background என்றும் தனித்தனியே தெரியும். இப்பட்டியல் பெரும்பாலும் மாதக் கணக்காகவே இருப்பதால், இரவில் எண்களைக் குறித்து வைத்து மறுநாள் இரவு கழித்துப் பார்க்க வேண்டும். யூடியூபின் Foreground எண்ணே பெரிதாயிருந்தால் பிள்ளைமேல் சொன்ன குற்றம் மெய்தான். அப்படியும் நாட்கள் உண்டு.

ஆனால் இந்தச் சாட்சி ஓரிடத்தில் ஊமையாகிவிடுகிறது. ஹாட்ஸ்பாட் வழியாகப் போனதெல்லாம் பட்டியலில் ஒரே வரியில் மொத்தமாகக் காட்டப்படுமேயன்றி, எந்தச் செயலி இழுத்தது என்பதைக் கைப்பேசி சொல்லாது. அந்த வரி பெருத்திருந்தால் விசாரணையை மடிக்கணினிக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் அமைப்புகளில் Data usage பக்கம் கடந்த 30 நாள் செலவைச் செயலிவாரியாகத் தரும்; அப்டேட்டுக்கு மட்டும் எவ்வளவு போனது என்பதை Delivery Optimization பகுதியிலுள்ள Activity monitor காட்டும். அங்கே குற்றம் உறுதியானால், அந்த ஹாட்ஸ்பாட்டின் பண்புகளில் Metered connection என்பதை இயக்கிவிடலாம். இது அளந்து செலவிட வேண்டிய இணைப்பு என்று விண்டோஸுக்கு அறிவிப்பதாகும். அதன்பின் பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்குவதில்லை. ஆயினும் பாதுகாப்புத் திருத்தங்களை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது வேறொரு தொல்லையை விலைக்கு வாங்குவதாகும். கல்லூரியிலோ உறவினர் வீட்டிலோ வரம்பில்லாத ஃபைபர் இணைப்பு கிடைக்கும் நாளில் அவற்றைக் கையால் தொடங்கி முடித்துக்கொள்வதே முறை.