விலை தலைப்பு வரியில் இருக்கிறது

புணே லட்சுமி சாலையில் வைரம் வாங்க எண்ணும் வாடிக்கையாளர், கல்லுக்கு முன்பே சான்றிதழின் படத்தைக் கைப்பேசியில் பெற்றுவிடுகிறார். ‘ஒரு காரட், நிறம் ஜி, தெளிவு வி.எஸ்.1’ என்ற வரிகளை வைத்தே விலை பேசப்படுகிறது. ஆனால், ஐ.ஜி.ஐ. ஆய்வகம் இதே தரச்சொற்களை இயற்கை வைரத்துக்கும், ஆலையில் வளர்க்கப்பட்ட வைரத்துக்கும் வழங்குகிறது. பின்னதன் விலை முன்னதில் ஐந்தில் ஒரு பங்கை எட்டுவதும் அரிது. இவ்வேறுபாட்டைக் காட்டுவனவற்றுள் சான்றிதழின் தலைப்பும், வளர்க்கப்பட்ட கல்லுக்குரிய ‘LG’ எனத் தொடங்கும் எண்ணும் அடங்கும். ஆகவே, மேற்பகுதி வெட்டப்பட்ட படத்தைக் கொண்டு விலை பேசலாகாது என்பது நம் கருத்து. எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் சரிபார்ப்போம். கல்லின் இடைவிளிம்பில் அதே எண் பொறிக்கப்பட்டிருப்பதை உருப்பெருக்கியில் கண்ட பின்னரே பணம் செலுத்துவோம்.