பெயர்ப்பலகையில் இல்லாத பிள்ளைகள்



சென்ற இதழ்ச் சிறுகதையின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதில் வரும் ஆசிரியை, பள்ளியில் முதலிடம் பெற்ற பழைய மாணவர்களை மட்டும் தேடிப்போய் விசாரித்து, விடியற்காலை 4 மணிக்கு எழுந்து படித்ததே அவர்கள் வெற்றிக்குக் காரணம் என்கிறார்.

முதலிடம் பெற்ற 10 பேரில் 8 பேர் அப்படி எழுந்தவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களோடு படித்த 100 பேரில் 80 பேரும் 4 மணிக்கே எழுந்திருந்தால், முதலிடத்துக்கு அந்தப் பழக்கம் காரணமென்று எப்படிச் சொல்வது? 20 பேர்தான் எழுந்தார்கள் என்றால் யோசிக்க இடமுண்டு. அந்த 100 பேரை அவர் கேட்கவே இல்லையே!

எங்கள் ஊர்ப் பக்கம், நடவுக்குப் போகும் தாயோடு இருட்டிலேயே எழுந்து படித்த பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். சிலர் சுமாரான மதிப்பெண்ணோடு நின்றார்கள். சிலர் பாதியிலேயே திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களிடம் யாரும் ரகசியம் கேட்டதில்லை.

மாநில முதலிடங்களை அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. ஆனால் பள்ளிகளில் அந்தப் பேச்சு ஓயவில்லை. கதாசிரியர் அந்தக் கதையின் தொடர்ச்சியை எழுத வேண்டும். அதில் ஆசிரியை ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுக்கட்டும். தேர்வுப் பட்டியல் போதாது; இடைநின்றவர்கள் அதில் இருக்கமாட்டார்கள்.

– ஒரு வாசகி, திருக்கடையூர்